முக்கால் விநாடி

பெரிய மருமகளின் பிழைப்பே ஊரார் பெயர்கள்தான். விளம்பரமோ கல்யாண வீடியோவோ, எழுத்தைத் திரையில் ஓடவிடுவது, நிறுத்துவது, மங்கவைப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக ஒரு ஸ்டுடியோவில் செய்கிறாள். வீட்டில் கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்பார்கள்.

நர்ஸாக இருந்த மாமியார் ஓய்வு பெறும் நாளுக்கு வாழ்த்து வீடியோ செய்யலாம் என்று சொன்னது சின்ன மருமகள். சொன்னதோடு சரி. இருபத்து மூன்று பேர் அனுப்பிய கிளிப்புகளைக் கோத்துப் பத்து நாள் முதுகொடிந்தது பெரியவள். குடும்ப வாட்ஸப்பில் மட்டும் "சின்னவ மூளையே மூளை" என்று பாராட்டு மழை. பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

ஒவ்வொரு கிளிப்புக்கும் முன்னால் அனுப்பியவர் பெயர் இடப்பக்கமிருந்து வழுக்கி வந்து, நடுவில் மூன்று விநாடி நின்று, மங்கும். ஒன்றைச் செய்து, மற்றவற்றுக்கு அதையே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தாள். சின்னவளின் முறை வந்ததும் கை நின்றது. அந்த மூன்று விநாடியை முக்காலாகச் சுருக்கினாள். பெயர்தான் இருக்கிறதே, யார் என்ன கேட்க முடியும்? முடிவில் இருபத்து மூன்று பெயர்களும் கீழிருந்து மேலே உருண்டு போகும். அதன் பிறகு, கறுப்புத் திரையில், 'எழுத்து வடிவமைப்பு' என்று தன் பெயரைத் தனியாக ஆறு விநாடி நிறுத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில் வீடியோ ஓடியது. சின்னவளின் பெயர் மின்னி மறைந்ததும் மாமியார் கையைத் தூக்கினார்.

"டேய், நிறுத்து. யாரு பேருடா அது? படிக்கறதுக்குள்ள ஓடிருச்சு."

"நம்ம வீட்டுப் பேர்தாம்மா," என்றான் ரிமோட்டோடு நின்ற சின்ன மகன்.

"யாரா இருந்தா என்ன? பேரைப் படிக்காம நான் ஒருத்தருக்கும் ஊசி போட்டதில்ல. திரும்பப் போடு."

அவன் பின்னால் ஓட்டி, பெயர் முழுதாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தினான். மாமியார் கண்ணாடி துடைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அட, என் சின்ன மருமக! இந்த வீடியோ யோசனையே இவளோடதுதான்."

கைதட்டல் எழுந்தது. டாக்டர்கள் சின்னவளை முன்னால் அழைத்து விசாரித்தார்கள். அத்தனை நேரமும் அந்தப் பெயர் சுவர் அகலத்துக்குத் திரையில் நின்றது. பெரியவள் மனசுக்குள் எண்ணினாள். நாலு நிமிஷம்.

பிறகு மீதி ஓடியது. பெயர்கள் உருண்டு முடிந்தபோது விளக்கைப் போட்டுவிட்டார்கள். ஆளாளுக்கு மாமியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் வெளுத்த திரையில் பெரியவளின் பெயர் வந்து நின்றது. ஒருவரும் திரும்பவில்லை.

"அக்கா! உங்க பேரு!" சின்னவள்தான் கத்தினாள். "எல்லாரும் இங்க பாருங்க!"

அவர்கள் திரும்புவதற்குள் பெயர் மறைந்துவிட்டது.

"திரும்பப் போடச் சொல்லவாக்கா?"

"வேணாம், விடு."

ஆறு விநாடியும் நின்று படித்தவள் சின்னவள் ஒருத்திதான். அதைத்தான் பெரியவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.