மல்லிகைப்பூவும் கல்லாகிப்போன கோழியும்

“…ஓடுத தண்ணியில போடலாம்னு நீரு ஒட்டுன சீட்டுலயே இருக்குல்லா வே! பெறகு என்ன?” என்றார் சமையல் மாஸ்டர். ஒரு கை குழாயைத் திறந்துவிட்டிருந்தது. இன்னொரு கையில் கல்லாய் உறைந்த கோழிப் பைகளில் ஒன்று.

மேலப்பாளையத்தில் எங்கள் பிரியாணிக் கடையின் ஸ்டோர் என் பொறுப்பு. உறைந்த கறியை எப்படி இளக வைப்பது என்று சீட்டு எழுதி ஒட்டியதும் நான்தான். ஓடும் தண்ணீர் என்று எழுதியது உண்மை. பதினைந்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று அடுத்த வரியும் எழுதியிருக்கிறேன். மனுஷன் தனக்கு வேண்டியதோடு வாசிப்பை நிறுத்திக்கொள்வார்.

அன்று மதியம் எண்பது பேருக்குக் கோழி பிரியாணி. வேறு யாருக்கும் இல்லை, மாஸ்டரின் சம்பந்தி வீட்டுக்கு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவர் அனுப்பும் முதல் சாப்பாடு. முந்தின நாள் காலையிலேயே நான் கோழியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளக வைத்திருந்தேன். அன்று காலை வந்து பார்த்தால் அந்தத் தட்டில் ஐந்து முழம் மல்லிகை!

“சம்பந்தியம்மாவுக்கு நேத்தே பூ வாங்குனேன், வாடிரப்பிடாதுல்லா? கோழி வெளிய கிடந்தா நீரு வைவீருன்னு பத்திரமா ஃப்ரீசர்லயே திருப்பி வச்சிட்டேன்.”

பத்திரமாம்! பாதிகூட இளகாததை மறுபடி உறைய வைத்துவிட்டுப் பத்திரமாம்.

தெர்மாமீட்டரைக் குழாய்த் தண்ணீரில் காட்டினேன். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், முப்பத்தொன்று.

“இதுல போட்டா மேல் சதை கெட ஆரம்பிக்கும், உள்ள எலும்போரம் ஐஸாவே நிக்கும். சம்பந்தி வீட்டுல எண்பது பேருக்கு வயித்தால போனா, ஆயுசுக்கும் பேச்சு யாருக்கு அண்ணாச்சி?”

“ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலையாம். எனக்கு இளகவும் பொறுக்கணுமோ?” என்று முனகினார். கோபத்திலும் பழமொழி! எனக்குச் சிரிப்பு வந்தது, அதை எரிச்சல் விழுங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் கடைக்கு வழக்கமாக வரும் மீன் வண்டி வந்தது. பெட்டியைத் திறந்தால் மேலும் கீழும் ஐஸ், நடுவே சீலா மீன். செவுள் சிவப்பாக இருந்தது. தெர்மாமீட்டரைத் துடைத்துத் தடித்த சதையில் குத்தினேன். மூன்று டிகிரி.

“இத வச்சு ஆக்கும்,” என்றேன்.

“கோழின்னு சொல்லியாச்சே வே!”

“சொன்னது நீரு, பூவுக்கு இடம் குடுத்ததும் நீருதான்.”

மாஸ்டர் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குழாயை மூடிவிட்டுப் போனை எடுத்தார். “சம்பந்தி, கோழி எவன் வீட்டுல இல்ல? உங்களுக்குன்னே கடல்ல இருந்து சீலா எறக்கிருக்கேன்!” என்றார், பதில் வரும் முன்பே வைத்தார்.

கோழிப் பைகளை ட்ரேயில் அடுக்கி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தள்ளினார். பூவை எடுத்து மோந்து பார்த்தார், கோழிக் கவிச்சி அடித்ததில் முகம் சுளித்தார். அந்த ஐந்து முழத்தையும் சுருட்டி என் கையில் திணித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மீன் வெட்டப் போனார்.