இடதுகோடி டப்பா

ஜோசபினுக்கு இடக்கை பழக்கம். சாத்தான்குளத்தில் பிறந்தபோதே வந்தது. அம்மாவின் அடி எதற்கும் அது மசியவில்லை. கல்யாணமாகி, கசார்வாடிப் பட்டறையில் லேத் ஓட்டும் புருஷனோடு புனேவுக்கு வந்தபோதும் கூடவே வந்தது. விஷ்ராந்த்வாடி ஹோட்டலில் பல வருஷம் காய் வெட்டிய வரைக்கும், கத்தி எந்தக் கையில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. உள்ளறையில் வெங்காயம் நறுக்குகிறவளை யார் பார்க்கப் போகிறார்கள்?

சைனீஸ் அடுப்பில் நின்ற ரவிசந்திரன் திடீரென்று துபாய்க்குப் பறந்துவிட, கைக்கு ஆள் இல்லாமல் செஃப் பக்தவத்சலம் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். அந்த மழைக்காலம் முழுக்க அவள்தான் அடுப்பு. கரண்டி இடக்கையில், வாணலிக் காது வலக்கையில். அவள் நூடுல்ஸைக் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆட்கள் வந்தார்கள்.

அப்போதுதான் முதலாளிக்குக் கண்ணாடி ஆசை பிடித்தது. சமையல் நடப்பது சாப்பிடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். சுவரை இடித்துக் கண்ணாடி போட்டார். போட்ட பிறகுதான் அவர் கண்ணில் அந்த இடக்கை பட்டது.

"உல்டா ஹாத்! இடக்கைச் சமையலைக் கிராக்கி பார்த்தால் சாப்பிடுவானா?" என்று செஃப்பைப் பிடித்தார்.

செஃப் வேலூர்க்காரர், கெட்டவர் இல்லை. ஆனால் முதலாளி முன்னால் அவருக்கு முதுகெலும்பு கொஞ்சம் இளகிவிடும்.

"ஜோசபின், இன்னைக்கு மத்தியானம் கண்ணாடி திறக்குறாங்க. எல்லாத்தையும் வலது கைக்கு மாத்தி வெச்சிடும்மா. முடியலன்னா திரும்ப வெட்டுற இடத்துக்குத்தான் போவணும். என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"மாத்திருதேன் சார்," என்றாள். வெட்டுகிற அறைக்குத் திரும்ப அவளுக்கு மனமில்லை.

சொன்னபடியே செய்தாள். நூடுல்ஸை வேகவைத்து, தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவி வைத்தாள். சாதத்தைத் தட்டில் பரப்பி ஆறவைத்தாள். கோஸ், கேரட், குடைமிளகாய், வெங்காயத்தாள் எல்லாம் வெட்டியாயிற்று. கோழித் துண்டுகளை ஐஸ் மேல் வைத்தாள். பின்னடுப்பில் கோழி எலும்பு ஸ்டாக் கொதித்தது. உப்பு, மிளகுத்தூள், சர்க்கரை மூன்று டப்பாக்களையும் வாணலிக்கு வலப்பக்கம் அடுக்கினாள். வாணலியை ஒட்டி உப்பு. அடிக்கடி தேவைப்படுவது பக்கத்தில் இருக்க வேண்டும். காய்கள் இடப்பக்கம் போயின.

கடை திறக்குமுன் பணியாளர் சாப்பாட்டுக்கு ஒரு வாணலி போட்டுப் பார்த்தாள். பூண்டு சிவக்கும் நொடியில் கை இடப்பக்கம் உப்புக்குப் போயிற்று. அங்கே கேரட் இருந்தது. உப்பைத் தேடி வலப்பக்கம் திரும்புவதற்குள் பூண்டு கருகிவிட்டது. அந்தத் தீயில் யோசிக்க நேரம் கிடையாது. கையே எடுக்க வேண்டும், கண் தேடக்கூடாது. மறுபடி போட்டாள். மறுபடி கருகியது.

அவளுக்குக் கோபம் வந்தது. தோற்றுப் போவதென்றால் தன் கையால் சமைத்தே தோற்கிறேன் என்று எல்லாவற்றையும் இடம் மாற்றினாள். உப்பு இப்போது வாணலியை ஒட்டி இடப்பக்கம், அதற்கப்பால் மிளகு, இடதுகோடியில் சர்க்கரை. காய்கள் வலப்பக்கம். செஃப் கவனித்தபோது முதல் ஆர்டர் வந்துவிட்டிருந்தது.

கூட்டம் ஏறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி நின்று, கையைக் காட்டிக் காட்டி ஏதோ சைகை செய்தார். செஃப்புக்கு வியர்த்துவிட்டது.

"நீ தள்ளு, நான் பாத்துக்கிறேன்," என்று கரண்டியைப் பிடுங்கினார்.

அவரும் அந்த அடுப்பில் வருஷக்கணக்காக நின்றவர்தான். வலக்கையில் கரண்டியோடு வலப்பக்கம் போனார், கோஸ் இருந்தது. திட்டிக்கொண்டே குறுக்கே கையை நீட்டி இடதுகோடி டப்பாவில் அள்ளினார். வலப்பக்கம் அடுக்கிய மூன்று டப்பாவில் வாணலியை ஒட்டிய இடதுகோடி உப்பு என்பது அவர் கைக்குப் பழகிய பாடம். ருசி பார்த்தவர் முகம் கோணியது. ஃப்ரைடு ரைஸ் பாயசமாக இனித்தது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை உப்பைத் தேடுவதற்குள் பூண்டு தீய்ந்தது. ஆர்டர் சீட்டுகள் கம்பியில் சேர்ந்துகொண்டே போயின.

அவர் நின்றார். காய்ந்த வாணலியைப் பார்த்தார். பிறகு ஜோசபினைப் பார்த்தார்.

"இப்படித்தான் உனக்கும் இருந்துச்சா?"

"காலையில ரெண்டு வாணலி கருக்கிட்டேன் சார்."

கரண்டியை அவளிடம் நீட்டினார். போகவில்லை, அவளுக்கு வலப்பக்கம், காய்களுக்கு அருகில் போய் நின்றுகொண்டார். கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி உள்ளே வந்தார்.

"இது என்ன? நீங்க எதுக்கு அங்கே நிற்கிறீங்க?" என்று ஹிந்தியில் இரைந்தார்.

"இன்னைக்கு நான் ஹெல்பர், சேட்ஜி. கையை மாத்தணும்னா இந்த அடுப்புக்கு வேற ஆளைப் பாருங்க, எனக்கும் சேர்த்து," என்றார் செஃப். குரல் லேசாக நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

முதலாளி கம்பியில் தொங்கிய சீட்டுகளைப் பார்த்தார். கதவைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கமே திரும்பிப் போனார்.

ஜோசபின் எதையும் பார்க்கவில்லை. பூண்டு சிவந்துகொண்டிருந்தது.

"கோஸ்!" என்றாள். 'சார்' போட மறந்துவிட்டாள்.

பக்தவத்சலம் எடுத்துக் கொடுத்தார்.