பதினோராவது கேள்வி

காரைக்கால் நூற்பாலை ஒன்றின் பணியாளர் அலுவலகத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். எட்டாவதோடு நின்றவன், ஆனால் தெளிவாக எழுதுவேன். மேலாளர் ஆங்கிலத்தில் இருந்த சலுகை விதிகளைப் படித்துப் பொருள் சொல்லி, விசாரணைக் கவுண்டரில் ஒட்டுவதற்காகத் தமிழில் கேள்வி பதிலாக எழுதச் சொன்னார்.

ஆட்கள் என்ன கேட்பார்கள் என்று மில் வாசலில் அவர்களிடமே விசாரித்தேன். நிரந்தர ஆள் வராத நாட்களில் குரும்பகரத்திலிருந்து பதிலி வேலைக்கு வரும் பெண், "பதிலி ஆளுக்குச் சம்பளத்தோட லீவு உண்டாண்ணே?" என்றாள். மேலாளர் சொன்ன விதிப்படியே பதினோராவதாக எழுதினேன்: "உண்டு. வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தால், அடுத்த வருடம், வேலை செய்த ஒவ்வொரு இருபது நாளுக்கும் ஒரு நாள் லீவு."

"நல்லா வந்திருக்குய்யா" என்றார் மேலாளர். தட்டச்சாகி வந்த தாளில் பத்து கேள்விகள்தான் இருந்தன. அதைச் சுவரில் ஒட்டி, என்னையே கவுண்டரில் உட்கார வைத்தார். "தாள்ல இருக்கறத மட்டும் சொல்லுங்க."

அவள் வந்து தாளை விரல் வைத்துப் படித்தாள். "நான் கேட்டத எழுதுறேன்னீங்களே."

"எழுதினேன்."

"அப்ப அது எங்கண்ணே?"

பதிலை வாயால் சொன்னேன். மேலாளர் அறைக் கதவு திறந்தே இருந்தது.

மறுநாள் கவுண்டரில் வேறு ஆள். என்னுடைய பத்து கேள்விகளும் அவர் தலைக்கு மேல் அப்படியே இருந்தன.