ரீஸ்டார்ட் அண்ணன் போட்ட பூட்டு

பதினான்கு ஆண்டுகளாக அந்த கேமிங் சென்டரின் முப்பது கம்ப்யூட்டர்களையும் கட்டிக் காத்துவரும் பெரியவருக்கு, பெற்றோர் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை. ரீஸ்டார்ட் அண்ணன் என்றால்தான் தெரியும். மவுஸ் நகரவில்லையா, ரீஸ்டார்ட். சத்தம் வரவில்லையா, ரீஸ்டார்ட். வீட்டில் பேச்சு முற்றினாலும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல முதலிலிருந்து ஆரம்பிப்பார். மனைவிக்கு அந்த வசதி இல்லாததால் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவருடைய வாழ்நாள் சாதனை, சி டிரைவுக்குப் போட்ட பூட்டு. யார் எதை நோண்டினாலும், எந்த வைரஸ் நுழைந்தாலும், ரீஸ்டார்ட் செய்தால் அந்த டிரைவ் பழையபடி ஆகிவிடும். கேம்கள் பூட்டில்லாத டி டிரைவில் இருந்தன. அவை பாட்டுக்கு அப்டேட் ஆகிக்கொண்டன.

அன்று காலை பதினொன்றுக்கு அவருடைய அண்ணன் மகளின் டீமுக்குத் தகுதிச் சுற்று. ஐந்து பெண்கள், எட்டு மாதப் பயிற்சி. பதினைந்து நிமிடத்துக்குள் ஐந்து பேரும் இந்த சென்டரிலிருந்து ஆன்லைனில் ஆட்டத்துக்குள் நுழையாவிட்டால் வெற்றி எதிரணிக்கு. முந்தின மாலைதான் கேம் அப்டேட் ஆகி, புது ஆன்டி-சீட் சர்வீஸ் கேட்டது. கள்ள ஆட்டத்தைப் பிடிக்கிற காவல்காரன் அது. இல்லாமல் கேம் திறக்கவே திறக்காது. அவர்களுக்கு ஒதுக்கிய ஐந்து கம்ப்யூட்டரிலும் அதை நிறுவினார். 'நிறுவப்பட்டது, ரீஸ்டார்ட் செய்யவும்' என்று வந்தது. தன் கொள்கையைக் கம்ப்யூட்டரே ஒப்புக்கொண்டதில் நெகிழ்ந்துபோய், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

காலை பத்து ஐம்பதுக்கு ஐந்து திரையிலும் ஒரே செய்தி: ஆன்டி-சீட் சர்வீஸ் நிறுவப்படவில்லை.

"நேத்தே ரெடின்னீங்களே சித்தப்பா."

"ரெடிதாம்மா. மறுபடி போட்டு ஒரு ரீஸ்டார்ட் அடிச்சா சரியாயிடும்."

ஐந்திலும் போட்டார், அடித்தார். அதே செய்தி. இன்னொரு தரம். அதே.

"நாம போடப் போட யாரோ பின்னாடியே வந்து அழிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் அண்ணன் மகள்.

மவுஸ் மேலிருந்த அவர் கை அப்படியே நின்றது. அந்த சர்வீஸ் போய் உட்காருவது சி டிரைவில்.

"யாரு அழிக்கிறது?" என்று கேட்டாள் பக்கத்துப் பெண்.

மணி பதினொன்று ஒன்பது. பூட்டைத் திறக்க ஒரு ரீஸ்டார்ட். நிறுவியபின் ஒரு ரீஸ்டார்ட். இரண்டு கம்ப்யூட்டரில் கேம் திறந்தபோது பதினொன்று பதினைந்து. போட்டிப் பக்கத்தில் எதிரணியின் பெயருக்கு நேராகப் பச்சை டிக் விழுந்தது.

அண்ணன் மகள் ஹெட்செட்டைச் சுருட்டிப் பையில் வைத்தாள்.

"சர்வர் கோளாறுன்னு அப்பாகிட்ட சொல்லிடறேன் சித்தப்பா. நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேணாம்."

திட்டியிருந்தால் முகம் கழுவப் போயிருப்பார்.

அவர்கள் போனபின் மீதி மூன்றையும் சரிசெய்தார். ஐந்தையும் பழையபடி பூட்டி, கடைசியாக ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தார். ஐந்திலும் கேம் அழகாகத் திறந்து, ஆட்களுக்காகக் காத்திருந்தது.