வந்து சேராத கடைப் படம்

சலூனில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கை வேகத்துக்காக வைத்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். வாய்க்காக வைத்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள், அவள் இல்லாதபோது.

தலை கழுவும் பேசினில் வேலையைத் தொடங்கியவள். முடியைத் தொட்டதுமே எது சொந்த நிறம், எது சாயம் என்று சொல்லிவிடுவாள். அவளுக்காகவே காத்திருந்து வெட்டிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். ஆனாலும் பக்கத்து நாற்காலியில் யாராவது கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டால் போதும், கத்திரிக்கு அன்றைக்கு வேலை ஓடாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தங்கைக்குப் புதுச் செருப்பு வாங்கினால் இவளுடைய பழைய செருப்பு அன்றைக்கே கடிக்க ஆரம்பித்துவிடும். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர், "உன் வயித்தெரிச்சல்ல ரெண்டு வேளை சமைச்சிரலாம், கேஸ் மிச்சம்" என்பார். அதற்கும் கோபித்துக்கொள்வாள்.

அந்தப் பக்கத்து நாற்காலிதான் சுருட்டையுடையது. சுருள் முடிக்காரி. இருவரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டிபனைப் பங்கிட்டுச் சாப்பிட்டவர்கள். சொந்தமாக ஒரு சின்னக் கடை போட வேண்டும் என்ற ஆசை முதலில் கத்திரிக்குத்தான் வந்தது. தினமும் பேசுவாள், சுருட்டை கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சுருட்டை கடைக்கு இடம் பிடித்துவிட்டாள். அந்தச் செய்தியைக்கூட முதலாளியம்மா சொல்லித்தான் கத்திரி தெரிந்துகொண்டாள். சுருட்டை கிளம்பிய அன்று எல்லோரும் வாசல் வரை போனார்கள். கத்திரி டிரையரைப் போட்டுக்கொண்டு, காது கேட்காதவள் போல நின்றாள்.

அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு மதியம் கூட்டம் ஓய்ந்திருந்தது. நகத்துக்குச் சாயம் போடும் தோழி, சலூனில் எல்லோரும் நகம் என்று கூப்பிடுகிறவள், தன் மேசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுருட்டை கடை சூப்பரா வந்திருக்குல்ல? அந்தக் கண்ணாடியப் பாத்தியா, சுவர் முழுக்க."

"எந்தக் கண்ணாடி?"

"காலைல போட்டோ அனுப்பியிருந்தாளே."

கத்திரி துடைத்துக்கொண்டிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். "எனக்கு எதுவும் வரல."

"வந்திருக்கும், நீ பாத்திருக்க மாட்ட. முதலாளியம்மாவுக்கு வந்திருக்கு. நம்ம பழைய ரிசப்ஷன் பொண்ணுக்குக்கூட வந்திருக்கு."

"ரிசப்ஷன் பொண்ணுக்கு அனுப்பியிருக்கா. பக்கத்துல நின்னு இத்தனை வருஷம் குப்பை கொட்டுனவளுக்கு அனுப்பல. நல்லா இருக்கட்டும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. காது மடல் மட்டும் சிவந்துவிட்டது.

"இருடி, அவசரப்படாத. போனைக் குடு. அதுல இடம் நிறைஞ்சு போயிருக்கும்."

"நேத்துதான் பழைய வீடியோ எல்லாம் அழிச்சேன். காலைலகூட அவரு வேன் டயர் படம் அனுப்புனாரு, அது வந்துச்சு."

நகம் மேசை விளக்கைத் தானே ஒரு படம் எடுத்து அனுப்பிப் பார்த்தாள். கத்திரியின் போன் உடனே சிணுங்கியது. படம் தெளிவாக வந்திருந்தது.

"நெட்டும் இருக்கு. படம் தானா இறங்குறத நிறுத்தி வச்சிருந்தாலும் மங்கலா ஒரு கட்டமாவது தெரியும். அதுவும் இல்ல. நீ அவளை பிளாக் பண்ணியிருக்கியா?"

"பிளாக் பண்ற அளவுக்கு நான் சின்னப் புள்ளயா?"

"கோவிச்சுக்காத, நானே பாத்துக்கிறேன்." நகம் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தாள். தடுத்த எண்களில் ஏதோ ஒரு கடன் கம்பெனி மட்டும்தான் இருந்தது. "இல்ல. சரி, அவளோட சாட் எங்க?"

"கீழ எங்கயாவது கிடக்கும்."

நகம் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். கீழே, வெகு கீழே, ஒரு வெறும் எண். திறந்தால் உள்ளே சுருட்டையின் பழைய செய்திகள். 'டிபன்ல உப்பு கம்மி, மன்னிச்சிரு' என்பதுதான் கடைசிச் செய்தி.

"பேரு எங்கடி? நம்பர் மட்டும் இருக்கு."

கத்திரி சீப்பை மறுபடி எடுத்துத் துடைத்தாள்.

"அவ நம்பரை அழிச்சிட்டியா?"

"அவ கடைக்கு இடம் பிடிச்சான்னு கேள்விப்பட்ட அன்னிக்கு. போனைத் திறக்கும்போதெல்லாம் அவ பேரு தெரியணுமா எனக்கு?"

நகம் அந்த வெறும் எண்ணை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள். "போன மாசம் என் கஸ்டமர்களுக்கு எல்லாம் விலை குறைச்சிருக்கேன்னு ஒரே தடவைல அனுப்புனேன்ல, ஞாபகம் இருக்கா? பாதிப் பேருக்குப் போகவே இல்ல. ஏன்னு பாத்தா, அந்த பிராட்காஸ்ட் லிஸ்ட்ல அனுப்புனா, யாரு நம்ம நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணி வச்சிருக்காங்களோ அவங்களுக்கு மட்டும்தான் போகும். மத்தவங்களுக்குப் போகாது. தனியா அனுப்புனா மட்டும் சேவ் பண்ணலன்னாலும் போகும்."

"அவ தனியா அனுப்பியிருந்தா வந்திருக்கும்ல? அப்ப நான் அவளுக்குக் கும்பல்ல ஒருத்தி."

"அதையும் கேட்டுருவோம்."

வேண்டாம் என்று கத்திரி சொல்வதற்குள் நகம் சுருட்டைக்கு எழுதிவிட்டாள். படம் எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்பியதா, லிஸ்டிலா என்று. கொஞ்ச நேரத்தில் குரல் பதிவாகப் பதில் வந்தது. நகம் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"லிஸ்ட்லதான் போட்டேன், தனித்தனியா அனுப்ப எங்க நேரம். கத்திரி பேரைத்தான் முதல்ல சேத்தேன். அவ பாத்தாளா? காலைலேர்ந்து எல்லாரும் ஏதாவது சொல்றாங்க, அவ மட்டும் ஒண்ணும் சொல்லல. இன்னும் மனசு ஆறலபோல."

சாயக் கிண்ணத்தைக் கழுவ எழுந்தவள் போலக் கத்திரி எழுந்து, கழுவாமல் நின்றாள்.

"இப்ப சேவ் பண்ணா வருமா?"

"இனிமே அனுப்புறது வரும். போனது போனதுதான். கேட்டுத்தான் வாங்கணும். இல்லன்னா நான் அனுப்பட்டுமா?"

அந்த வழி சுலபமாக இருந்தது. ஆனால் நகத்தின் போன் வழியாக வந்து சேரும் படத்தை நினைத்தாலே கத்திரிக்கு எரிந்தது. எண்ணைச் சேமித்தாள். 'போட்டோ எனக்கு வரல. உன் நம்பர் என்கிட்ட இல்லாம இருந்துச்சு. அனுப்பு' என்று எழுதினாள். ஏன் இல்லாமல் போனது என்று எழுதவில்லை. சுருட்டையும் கேட்கவில்லை. படம் உடனே வந்தது.

சுவர் முழுக்கக் கண்ணாடி. சிவப்பு நாற்காலி இரண்டு. கண்ணாடிக்கு மேலே பலகையில் சுருட்டையின் பெயர், வளைந்த எழுத்தில். தான் கனவு கண்டதும் இதே மாதிரிக் கண்ணாடிதான். இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிக் குறை தேடினாள். ஒன்று கிடைத்தது. உடனே கூப்பிட்டாள்.

"பேசினை ரொம்ப ஒசரமா வச்சிருக்க. வயசானவங்க கழுத்தைச் சாய்க்க முடியாது."

மறுமுனையில் சிரிப்பு. "எனக்கும் தோணுச்சு. யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியல. வந்து பாரேன்."

சலூன் விடுமுறையன்று கத்திரி போனாள். பிளம்பரை நிற்க வைத்து, பேசினை இறக்கி, தானே தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். சுருட்டை அவளுக்குத் தலை கழுவிவிட்டாள். இருவரும் பழையபடி பேசினார்கள், கடையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கவனமாக.

திரும்பும்போது, கூட்டிப்போக வந்த கணவர் வேனில் கேட்டார், "எப்படி இருக்கு கடை?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். வீடு வரும் வரை போனில் அந்தக் கண்ணாடிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.