அவர் விரலாலேயே தட்டிய எண்

யாரையும் பழிவாங்கும் அளவுக்கு எனக்கு நேரம் இருந்ததில்லை. ஒரே ஒருவர் விதிவிலக்கு.

கொல்கத்தாவில் கார்டன் ரீச் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வால்வு, கேஸ்கெட் சப்ளை செய்தார். கிடர்பூரில் கடை. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். வங்காளம் கலந்த தமிழில், அக்காவைத் தீதியாக்கி, "தீதி, நம்ம ஊர்க்காரங்க நாம, நமக்குள்ள என்ன" என்று சிரிப்பார். நாள் முழுக்க இந்தியும் வங்காளமும் கேட்டுக் காய்ந்துபோன காதுக்கு அது போதுமாயிருந்தது. பில்லோடு தன் ஜிஎஸ்டி எண் 'ஆக்டிவ்' என்று காட்டும் பக்கத்தை அச்செடுத்து, பின் அடித்துத் தருவார். எவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று மெச்சினேன். அந்தக் காகிதம் எப்போது எடுத்தது என்று பார்க்கவில்லை. வேறு யாராவது தந்திருந்தால் இணையதளத்தில் நானே பார்த்திருப்பேன். தமிழில் பேசியதால் பார்க்கவில்லை. இந்த முட்டாள்தனத்துக்கு வேறு பெயர் இல்லை.

அப்படி அவர் தந்த ஒரு பில்லின் தேதிக்கு முன்பே அவருடைய பதிவு ரத்தாகியிருந்தது. அந்தப் பில்லைக் காட்டி நாங்கள் கழித்துக்கொண்ட வரியை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்தார். எனக்கு வரவேண்டிய மேனேஜர் பதவி பக்கத்து மேசைக்குப் போனது. கிடர்பூர்க்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவே இல்லை. ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால்கூட மறந்திருப்பேனோ என்னவோ. மறந்திருக்க மாட்டேன்.

இப்போது நான் பாலிகஞ்சில் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். போன மாதம் பம்ப் வாங்க வந்த கொட்டேஷன்களில் ஒன்று அவருடையது. கடைக்குப் புதுப் பெயர், புதுப் பதிவு எண்; கையெழுத்து மட்டும் பழையது. விலை மிகக் குறைவு. எங்கள் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

எண்ணை நானே தளத்தில் போட்டுப் பார்த்தேன். ஆக்டிவ். வயிறு எரிந்தது. ஆர்டர் போனது. பாதித் தொகை முன்பணம் என்று பேச்சு. அதற்குப் பிறகு தினமும் காலையில் டீ வருவதற்குள் அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தினமும் ஆக்டிவ்தான்.

முன்பணம் வாங்க அவர் வரவேண்டிய காலையில் 'சஸ்பெண்டட்' என்று வந்தது.

போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளியிடம் மட்டும் காட்டினேன். அவர் முகம் தொங்கிப்போய், "நிறுத்திடு" என்றார். அன்றைக்கு டீ அவ்வளவு ருசியாக இருந்தது.

பதினொரு மணிக்கு அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு பழைய சிரிப்பு.

"ஆரே தீதி, நீங்களா? நம்ம ஆளு இருக்கிறப்போ எனக்கென்ன கவலை."

பையிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினார். பின் அடித்த அச்சுப் பக்கம், ஆக்டிவ். இந்த மனிதர் மாறவே இல்லை.

எழுந்து என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"உக்காருங்க. உங்க நம்பரை நீங்களே போடுங்க."

"எதுக்கு தீதி, பேப்பர்தான் இருக்கே."

"போடுங்க."

பத்தொன்பதில் தொடங்கும் அந்த எண்ணை ஒற்றை விரலால் தட்டினார். கீழே கேப்சா படத்தில் கோணலாகத் தெரிந்த இலக்கங்களைப் பார்த்து அடிப்பதில் இரண்டு முறை தப்பு செய்தார். நான் உதவவில்லை. மூன்றாவது முறை பக்கம் திறந்தது. பெயர், முகவரி, அதன் கீழே அந்த வார்த்தை. அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

"சில மாச ரிட்டர்ன் பாக்கி, அவ்வளவுதான். எல்லாத்தையும் போட்டா திரும்ப ஆக்டிவ் ஆயிடும். இந்த அட்வான்ஸ் வந்தா இன்னைக்கே வரியைக் கட்டி ரிட்டர்னைப் போட்டுடுவேன்."

"சஸ்பெண்ட்ல இருக்கிறப்போ நீங்க டாக்ஸ் பில்லே போடக்கூடாது. ரிட்டர்ன் போட்டு ஆக்டிவ் ஆனப்புறம் வாங்க. அதுக்குள்ள அடுத்த கொட்டேஷன்காரர்கிட்ட பேசிடுவோம்."

"கடையே இந்த ஆர்டரை நம்பித்தான் இருக்கு, தீதி." திரையிலிருந்து கண்ணெடுத்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்தப் பழைய விஷயத்துக்காகவா?"

"இல்லை. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அது உண்மைதான். யார் வந்திருந்தாலும் பணம் நின்றிருக்கும். ஆனால் வேறு யாராக இருந்தாலும் காலையிலேயே போன் செய்திருப்பேன். என் நாற்காலியையும் கொடுத்திருக்க மாட்டேன்.