துடைத்த சுவரின் படம்

ஹோட்டலில் அவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அறைகளைச் சுத்தம் செய்வது அவள் வேலை. அவள் துடைத்துவிட்டுப் போன கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருந்தால், அது அவளுக்குப் பிறகு உள்ளே வந்தவருடையதுதான் என்று மேற்பார்வையாளரம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் தெரிந்தால் பளிச்சக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டிலும் அதே கதைதான். பார்சல் வண்டி ஓட்டும் கணவர் ஷூவோடு வாசல்படி தாண்டினால் போதும், ஒரு பார்வை வரும். அந்தப் பார்வைக்கு அவர் திரும்பிப் போய் ஷூவைக் கழற்றிவிட்டு வருவார்.

இப்படிப்பட்டவளைப் பார்த்து, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று ஒரு மனிதர் சொன்னார் என்றால், கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

சொன்னவர் வீட்டுக்காரர், அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் குடியிருந்த கட்டடத்தில் மேலும் கீழுமாக நான்கு வீடுகள் அவருக்கு. குடியிருப்பது மட்டும் இரண்டு தெரு தள்ளி, வெயிலும் காற்றும் தாராளமாக வரும் வீட்டில்.

பளிச்சக்கா வீட்டுப் படுக்கையறையில், கட்டிலுக்கு நேர் மேலே, சுவரும் கூரையும் சேரும் மூலையில் முதலில் ஒரு மங்கல் தெரிந்தது. பிறகு அது பழுப்பு விளிம்போடு கீழே இறங்கியது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் உப்பு மாதிரி வெள்ளைத் தூள் உதிர்ந்தது. அதற்குக் கீழே, அலமாரிக்குப் பின்னால், மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் பூஞ்சை. அவள் துடைப்பாள். நான்கு நாளில் திரும்ப வரும். மறுபடி துடைப்பாள்.

அந்தக் கட்டிலில்தான் ஏழு வயது மகள் படுப்பாள். குழந்தைக்கு இருமல் பிடித்து, இருமல் இளைப்பாகி, கடைசியில் கையில் இன்ஹேலர் வந்துவிட்டது. டாக்டர் அறையைப் பற்றி விசாரித்தார். ஈரச் சுவர், பூஞ்சை என்று கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தக் குழந்தைய அந்த ரூம்ல படுக்க வைக்காதீங்க. மொதல்ல சுவரச் சரி பண்ணச் சொல்லுங்க. அது இருக்கற வரைக்கும் நான் மருந்து எழுதிக்கிட்டேதான் இருக்கணும்."

வீட்டுக்காரருக்கு மூன்று முறை போன் செய்து சொல்லிவிட்டாள். குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது என்றும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். "எதுவா இருந்தாலும் எழுத்துல குடும்மா. போட்டோவும் வையி. வாய்ப்பேச்சுல எதுவும் செய்யறதில்ல நான்." வாடகை மட்டும் அவருக்கு வாய்ப்பேச்சிலேயே ஏறும், அது வேறு விஷயம்.

சரி, எழுத்தில்தானே வேண்டும் என்று விடுமுறை நாளில் உட்கார்ந்தாள். இங்கேதான் அவள் ஒரு காரியம் செய்தாள். அவள் ஒருத்தியால்தான் அப்படிச் செய்ய முடியும். அலமாரியை நகர்த்தினாள். பூஞ்சையைப் பார்த்தாள். இந்த அழகிலா வெளியாள் கண்ணில் என் வீடு படுவது என்று ப்ளீச்சிங் கரைசலைக் கலந்து, கையுறை போட்டு, சுவரைத் தேய்த்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாள். உதிர்ந்த தூளைக் கூட்டி அள்ளினாள். கட்டிலுக்குத் துவைத்த விரிப்பைப் போட்டாள். அதற்கப்புறம்தான் படம் எடுத்தாள். எடுத்த படங்களை இணைத்து, சுவரில் ஈரமும் பூஞ்சையும் இருப்பதாகக் கடிதம் எழுதி அனுப்பினாள்.

பதில் குரல் செய்தியாக வந்தது. அப்போது அவள் ஹோட்டலின் மூன்றாவது மாடியில் தள்ளுவண்டியில் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"லெட்டரும் போட்டோவும் பாத்தேம்மா. சுவரு நல்லாத்தானே இருக்கு? லேசா மங்கியிருக்கு, அவ்வளவுதான். நீங்க ஜன்னலத் திறக்கறதில்ல, ஈரத்துணிய உள்ளயே காயப் போடறீங்க, சமைக்கற ஆவி எல்லாம் உள்ளயே சுத்துது. வீட்டக் கொஞ்சம் சுத்தமா வெச்சுக்கிட்டா பூஞ்சை ஏன் வரப்போகுது?"

திரும்பக் கேட்டாள். இன்னொரு முறையும் கேட்டாள். முகம் சிவந்து, கையில் இருந்த துண்டு கீழே விழுந்துவிட்டது. பத்து வருஷமாக அடுத்தவர் அழுக்கைத் துடைத்தே கை காய்த்துப்போனவள் அவள். அவளுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுக்கிறார், தன் காப்பி தம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனிதர்!

மேற்பார்வையாளரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, இது என்ன படம்? வீடு வாடகைக்கு விட விளம்பரம் குடுக்கற மாதிரி இருக்கு. சுவரத் துடைச்சீங்களா?"

"பின்ன? அந்த அசிங்கத்த எப்படி அனுப்பறது?"

"கெஸ்ட் மெத்தையில இங்க் கொட்டிட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?"

"எதையும் தொடாம மொதல்ல போட்டோ. அப்புறம் ரிப்போர்ட். அப்புறம்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

"எட்டத்துல ஒண்ணு, கிட்டத்துல ஒண்ணு. அளவு தெரியப் பக்கத்துல ஏதாவது வெச்சு. நீங்கதானேக்கா எல்லாருக்கும் சொல்வீங்க?" என்றாள் மேற்பார்வையாளரம்மா. சிரிக்க நினைத்து, அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் விட்டாள்.

அன்று முதல் அவள் சுவரைத் துடைக்கவில்லை. எழுதும்போது ஒரு வரிதான், அவளுக்கு அது தவம். மகளின் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றினாள். அவளும் கணவரும் அங்கேயே தரையில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். படுக்கையறைக் கதவைச் சாத்தியே வைத்தாள். தினமும் காலையில் உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, கறுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பாள். கை பரபரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். பக்கத்து வீட்டு அம்மா ஏதோ வாங்க வந்தபோது, அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். திருட்டுப் பொருளைப் பதுக்கி வைத்தவள் மாதிரி இருந்தது என்று பிற்பாடு கணவரிடம் சொல்லி அழுதாள். யாரோ செய்யாத வேலைக்கு யார் வெட்கப்படுகிறார்கள், பாருங்கள்!

இதற்கிடையில் மேல்வீட்டுக்காரர்கள் வெளியூர் போனார்கள். அந்த வாரம் முழுக்க வீடு பூட்டிக் கிடந்தது. மூலையில் இருந்த ஈரம் வெளிறத் தொடங்கியது. அவர்கள் திரும்பி வந்து குளித்துத் துவைத்த மறுநாள் மறுபடியும் கறுத்து ஊறியது. மழை ஒரு சொட்டும் இல்லை. அவள் வீட்டு ஜன்னல் எப்போதும்போலத் திறந்துதான் இருந்தது. அவள் இரண்டையும் படம் எடுத்தாள்.

இரண்டாவது கடிதத்தை எழுதும்போது கணவர் தயங்கினார். "ஒப்பந்தம் வேற முடியப்போகுது. கோபத்துல காலி பண்ணச் சொல்லிட்டா, இந்த வாடகைக்கு எங்க போறது?"

"சொல்லட்டும். ஆனா அழுக்குப் பிடிச்சவங்கன்னு பேரு வாங்கிக்கிட்டு நான் போக மாட்டேன். பொண்ணு மூச்சு விட முடியாம கெடக்கறா, நாம வாடகைய நெனைச்சுப் பயந்துக்கிட்டு இருக்கணுமா?"

கணவர் எழுந்துபோய் மகளின் பள்ளிக்கூட ஸ்கேலைக் கொண்டுவந்து கொடுத்தார். கடிதம் இப்படி இருந்தது.

"ஐயா, முதல் கடிதத்தில் நான் அனுப்பியவை சுவரைத் துடைத்த பிறகு எடுத்த படங்கள். அது என் தவறு. இவை துடைக்காத படங்கள். முதல் படத்தில் முழு அறையும் தெரியும். மற்ற மூன்று சுவர்களிலும் ஈரம் இல்லை என்பதைக் கவனிக்கவும். அறையின் ஆவிதான் காரணம் என்றால் இந்த ஒரு மூலை மட்டும் நனையாது. இரண்டாம் படம் கூரையை ஒட்டிய ஈரத் திட்டு, பழுப்பு விளிம்பும் உரிந்த பெயின்டும். மூன்றாம் படம் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. அளவு தெரியப் பக்கத்தில் ஸ்கேல் வைத்திருக்கிறேன். நான்காம் படம் மேல்வீடு பூட்டியிருந்தபோது, ஐந்தாவது அவர்கள் வந்த பிறகு எடுத்தது. இந்த மூலைக்கு நேர் மேலே அவர்களுடைய குளியலறை. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து தரவும். டாக்டர் எழுதித் தந்ததையும் இத்துடன் வைத்துள்ளேன். எப்போது ஆள் வருவார் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். வாய்ப்பேச்சு வேண்டாம்."

கடைசி இரண்டு சொற்களை எழுதும்போது பேனா கொஞ்சம் அழுந்தியது. ஒரு நகலை எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

அடுத்த வாரமே வீட்டுக்காரர் வந்துவிட்டார், கையில் பெயின்ட் டப்பாவோடு. கூடவே ஒரு பிளம்பர். படுக்கையறைக் கதவை அவளே திறந்துவிட்டாள். வீட்டுக்காரர் ஒரு அடி உள்ளே வைத்ததும் மூக்கைப் பொத்தினார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, ஈரம் ஒட்டியதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

பிளம்பர் மாடிக்குப் போனார். குளியலறைத் தண்ணீர் போகும் துளையைச் சுற்றி இரண்டு தரை ஓடுகளை உடைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வந்தார். "கழிவுக் குழாய் ஜாயின்ட் விட்டுப்போச்சு சார். அவங்க குளிக்கிற தண்ணியில பாதி இந்தச் சுவருக்குள்ளதான் இறங்குது. இன்னிக்குச் சரி பண்ணிடறேன்."

"அப்ப சாயங்காலம் பெயின்ட் அடிச்சு முடிச்சிடலாமா?"

"அடிச்சா அடுத்த மாசமே உரியும். ஊறின பூச்ச எல்லாம் கொத்தி எடுத்து, நல்லாக் காய விட்டு, பூஞ்சைக்கு மருந்து அடிச்சு, அப்புறம் பூசி, அப்புறம்தான் பெயின்ட்டு. சில வாரம் ஆகும் சார்."

வீட்டுக்காரர் டப்பாவைக் கீழே வைத்தார். சுத்தத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்கு ஒரு வருத்தம் தெரிவிப்பார் என்று கணவர் எதிர்பார்த்தார். அந்தப் பேச்சே வரவில்லை. மாறாக, குறைபட்டுக்கொள்கிற குரலில் அவர் சொன்னார்.

"என்னம்மா இது, இவ்வளவு மோசமா இருக்குன்னு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் இருமினாள். பளிச்சக்கா அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"எம்பொண்ணுக்கு மூச்சு வாங்குதுன்னு மூணு தடவ சொன்னேன் சார். அதுக்கு நீங்க வரல. உங்க சுவரு கறுத்ததும் வந்துட்டீங்க."